ஆரூன் கோடுகள் வெட்டிக்கொண்ட செவ்வாய்க்கிழமை

என் மனைவி மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் கரமனையில் தனியாக இருந்துகொண்டு, ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்த்துகிறேன். எங்கள் இருவரில் யாருக்கு எண்கள் புரியும் என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனாலும் அவளுடைய சேமிப்பைப் பங்குச் சந்தையில் போட்டவன் நான்தான். அவளுக்கு நேரமில்லை, எனக்கு நேரம் மட்டுமே இருந்தது.

திட்டம் எளிமையானது. அவள் வேலையை விட்டுவிட்டு வருவாள். எங்கள் வீட்டு முன்னறையில் டியூஷன் தொடங்குவாள். முதல் இரண்டு வருஷம் பிள்ளைகள் சேரும்வரை அந்தச் சேமிப்பில் ஓட்டுவோம். இதற்காக ஒரு வெள்ளைப்பலகைகூட வாங்கி மாட்டிவிட்டேன். அதன் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் அவள் வந்து கிழிக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தேன்.

பணத்தைப் போட்ட கம்பெனி குளிர்பதனக் கிடங்குகளுக்கு இயந்திரம் செய்வது. பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கிய சமயம். கப்பல் வந்தால் மீன் போகும், மீன் போனால் குளிர் வேண்டும் என்று நான் யோசித்தேன். நிறையப் படிக்கிறவன் பங்கு வாங்கினால் இப்படித்தான், முன்னுரையை மட்டும் படித்துவிட்டு வாங்குவான். நான் வாங்கிய வாரத்திலிருந்து அது இறங்கத் தொடங்கியது. மஸ்கட்டில் அவளுடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த முறையும் புதுப்பிக்கப்பட்டது.

கரமனைச் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பங்குத் தரகரின் கிளை அலுவலகம் இருக்கிறது. மதிய இடைவேளையில் அங்கே போய் உட்காருவது என் வழக்கம். வேண்டியதெல்லாம் என் செல்பேசியிலேயே தெரியும்தான். ஆனால் தனியாக நஷ்டப்படுவதைவிட நாலு பேரோடு உட்கார்ந்து நஷ்டப்படுவது கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. அங்கே டீலராக இருக்கும் பெண் நெய்யாற்றின்கரைக்காரி. மலையாளத்தையும் தமிழையும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் குடிவைப்பவள். ஆரூன் கோடுகளை எனக்கு முதலில் காட்டியது அவள்தான்.

விலைப்படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு கோடுகள் ஓடும். கடந்த இருபத்தைந்து வர்த்தக நாள்களில் விலை உச்சத்தைத் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதை மேல்கோடு சொல்லும். இன்றைக்கே தொட்டிருந்தால் நூறு. அதன்பிறகு புதிய உச்சம் வராமல் போகும் ஒவ்வொரு நாளும் நாலு குறையும். இருபத்தைந்தாம் நாள் பூஜ்யம். கீழ்க்கோடும் அப்படியே, ஆனால் அது மிகக் குறைந்த விலையைத் தொட்ட நாளை எண்ணும். மேல்கோடு கீழ்க்கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போனால், பள்ளத்தைவிட உச்சம் சமீபத்தியது, விலை திரும்புகிறதோ என்னவோ என்று அர்த்தம்.

"என்னவோதான் சாரே, உறப்பொண்ணும் இல்லை" என்று அவள் அப்போதே சொன்னாள். நிச்சயமில்லை என்ற அந்தப் பகுதியை நான் காதில் வாங்கவில்லை.

எனக்கு அந்தக் கோடுகளைப் பிடித்துப்போனதற்குக் காரணம், அவை ரூபாயைப் பற்றிப் பேசுவதே இல்லை. எவ்வளவு ஏறியது, எவ்வளவு விழுந்தது என்று கேட்பதில்லை. எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும்தான் கேட்கின்றன. வருஷத்தில் பத்து மாதம் நானும் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் ஜூன் மாத விடுமுறைக்கு வந்து இறங்கும் நாள் நூறு. அப்புறம் தினமும் ஏதோ குறையும். விமான நிலையத்திலிருந்து தனியாகத் திரும்பும்போது அடுத்த சந்திப்பான சாக்கை என்ற இடத்தைத் தாண்டுவதற்குள்ளேயே நாலு குறைந்துவிடும்.

இந்த வருஷம் தை பிறக்கும் முன்பு ஒரு திங்கட்கிழமை, எங்கள் குளிர்பதனக் கம்பெனிக்குத் துறைமுகத்தில் பெரிய ஆர்டர் கிடைத்துவிட்டது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பங்கு ஒரே நாளில் நான் வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மனைவி ஸ்டாஃப்ரூமிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏன்னா, வித்துடுங்கோ. போட்டது வந்தா போறும்."

"இன்னும் ரெண்டு நாள் பாப்பமே. மேல்கோடு நூறுல இருக்கு கேட்டியா."

"கோடு நூறுல இருந்தா எனக்கென்ன, நான் மஸ்கட்லன்னா இருக்கேன்."

அன்று மாலையே கம்பெனி, அப்படி ஆர்டர் எதுவும் இல்லை என்று மறுத்தது. மறுநாள் காலை சந்தை திறந்தபோதே பங்கு மாடியிலிருந்து போட்ட தேங்காய் போல விழுந்து கிடந்தது. பத்தாம் நாள் அடிமட்டத்தைத் தொட்டது. அதன்பிறகு கொஞ்சம் எழுந்து உட்கார்ந்து, அங்கேயே சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகும் அவள் என்னைத் திட்டவில்லை. அவளுடைய மதிய இடைவேளையில் கூப்பிட்டு, "இன்னிக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்பாள். "எழுபத்தாறு" என்பேன். "அறுபது." "முப்பத்திரண்டு." எட்டு வருஷமாகச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று பேசித் தீர்த்துவிட்ட இருவருக்கு இது ஒரு புதுப் பேச்சாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அடுத்த ஒப்பந்தத்துக்கு ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டிய கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்குள் கோடு வெட்டிக்கொண்டால் போட வேண்டாம் என்று இருந்தோம். அதற்கு முந்தின திங்கட்கிழமை மேல்கோடு பூஜ்யத்தைத் தொட்டது. நாற்பதில் நின்ற கீழ்க்கோட்டை அது வெட்டுவதற்கு ஒரு வழியும் தெரியவில்லை. "செரி, விடுங்கோ" என்றாள். அந்தக் குரலை அன்று முழுவதும் கோப்புகளுக்கு நடுவே வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் செல்பேசியைத் திறந்தேன். மேல்கோடு எண்பத்தெட்டு. கீழ்க்கோடு முப்பத்தாறு. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, மேல்கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. எனக்குக் கண் மங்கி வருவதால் கோடுகள் ஓடும் பெட்டியை இழுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தேன். விலைப்படம் திரையின் உச்சியில், நெற்றியில் இட்ட சந்தனக் கீற்று மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. அதை நான் பார்க்கவில்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன்.

"ஒப்பு போடாதே!"

"என்ன ஆச்சு?"

"வெட்டியாச்சு. எண்பத்தெட்டு!"

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது. "நிஜமாவா?" என்றாள். பிறகு, "அந்தப் போர்டு உறையைக் கிழிச்சுடாதேங்கோ, நான் வந்து கிழிக்கறேன்" என்றாள். எட்டு வருஷத்தில் அவள் அவ்வளவு சின்னப் பெண் மாதிரிப் பேசி நான் கேட்டதில்லை.

புதன்கிழமை மதியம் தரகர் அலுவலக மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். டீலர் பெண்ணிடம் செல்பேசியை நீட்டினேன். அவள் பார்த்தாள். அப்புறம் தன் பெரிய திரையில் அதே படத்தைத் திறந்து மறுபடி பார்த்தாள்.

"சாரே, புதுசா உச்சம் தொட்டா நூறுல்லே வரணும்? நேத்து எண்பத்தெட்டு, இன்னிக்கு எண்பத்துநாலு. திங்களாழ்ச்ச பூஜ்யம். இதெப்படி?"

"எப்படி?"

"அந்த ரூமர் வந்த நாள் இல்லே, அது இந்தத் திங்களாழ்ச்சயோட இருபத்தஞ்சு நாள் ஆச்சு. நேத்து கணக்கில இருந்து வெளிய போயி. அத்தரெதான், வேற ஒண்ணும் இல்லே. பின்னே மிச்சம் உள்ள நாள்ல எது உச்சம்? போன வியாழன் கொஞ்சம் ஏறினதில்லே, அது. அதைக் கோடு பிடிச்சுக்கிட்டு. விலை எங்கேயும் போகலை சாரே. நோக்கணும்."

நோக்கினேன். விலை, கட்டிலில் சாய்ந்த நோயாளியைப் போல, இருந்த இடத்திலேயே இருந்தது. போன வியாழக்கிழமை அது தொட்ட உயரம், வதந்தி கிளம்பிய திங்கட்கிழமை உயரத்தில் பாதித் தூரம்கூட இல்லை. கோட்டின் மேல் குற்றமில்லை. தனக்குச் சொல்லப்பட்ட இருபத்தைந்து நாளுக்குள் அது ஒழுங்காகத்தான் எண்ணியது. பெரிய நாள் அந்த இருபத்தைந்து நாள் சன்னலுக்கு வெளியே போனதும், மிஞ்சியவற்றில் இருந்த ஒரு சுமாரான நாளை உச்சம் என்று மரியாதை செய்துவிட்டது.

"சேச்சிகிட்டே பறஞ்சோ?" என்றாள் டீலர் பெண். சேச்சி என்றால் என் மனைவி.

"சொல்லிட்டேன்."

"ஐயோ" என்றாள். அடுத்த அழைப்பை எடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

கீழே இறங்கி, பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். இங்கே ஓர் உண்மையை எழுதிவிட வேண்டும். நான் உடனே அவளைக் கூப்பிடவில்லை. இரண்டு பேருந்துகளைப் போகவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நாளை வியாழக்கிழமை கடந்துவிடும், அவள் வந்துவிடுவாள். பங்கு எப்படியும் போகட்டும். சந்தையில் யார்தான் தப்புப் பண்ணவில்லை? வந்த பிறகு நாலு நாள் திட்டுவாள். திட்டுகிற சத்தம் முன்னறையிலிருந்து வரும். அந்த நாலு நாளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

மூன்றாவது பேருந்தையும் விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். கோடு எப்படி ஏமாந்தது என்பதை முழுவதும் சொன்னேன். எங்கே தடுமாறுகிறேன் என்று பரீட்சைத்தாள் திருத்துகிறவள் போலக் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்ப விலை ஏறவே இல்லை."

"இல்லை."

"பழைய உச்சம் மறந்துபோச்சு, அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்."

"இதைச் சொல்லாம இருந்திருந்தா நான் வந்திருப்பேன், தெரியுமோ?"

"தெரியும்."

"பிரின்ஸிபால்கிட்ட நாளைக்குக் காலம்பற சொல்லிடறதுன்னு இருந்தேன். நேத்திக்கு ராத்திரி பெட்டிகூட இறக்கி வெச்சுட்டேன், பாருங்கோ, மண்டு." யாரை மண்டு என்றாள் என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பொருந்தியது. மூக்கை உறிஞ்சினாள். அங்கே ஏ.சி. அதிகம் என்று எப்போதும் சொல்லுவாள்.

"நான் பண்ணினது தப்புதான்" என்றேன்.

"எது? வெட்டினதைச் சொன்னதா, வெட்டலைன்னு சொன்னதா?"

நான்காவது பேருந்து வந்து, எனக்காகக் கொஞ்சம் நின்று, போய்விட்டது.

"இந்தத் தடவை ஃபாரத்துல கட்டம் ரெண்டு இருக்கு" என்றாள் அவள். "ஒரு வருஷம், ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம்னா சம்பளம் கூட. எதுல போட?"

"ஒரு வருஷம்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"சார்ட் பாத்துச் சொல்றேளா?"

"இல்லை."

"அப்ப செரி" என்றாள். வகுப்பு மணி அடித்தது. அவள் உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.