பிருந்தாபன் சேரும் அசையாத கோடும்

மாத்தளையில் வாயை வைத்துப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். பிருந்தாபன் சேருக்கோ பிழைப்பு அரச உத்தியோகம், வாய் வெறும் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கைத்தான் நாங்கள் எல்லோரும் சகிக்க வேண்டியிருந்தது. 'வெற்றிப் படிகள்' என்று ஒரு பொட்காஸ்ட் நடத்தினார். அதில் விருந்தாளி வணக்கம் சொல்வார், மிச்சத்தைச் சேர் பார்த்துக்கொள்வார்.

கேட்க ஆளில்லை. கேட்காதவர்கள் பார்ப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் கலியாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்த என்னிடம், கொங்காவெல ஸ்டூடியோ மாடிக்கு, ஒலிப்பதிவை வீடியோவாக்கக் கொண்டு ஏறி வந்தார்.

அது அவருடைய மனைவி சிவதர்ஷினி டீச்சருடன் பேசிய எபிசோட். பேசிய என்பது மரியாதைக்குச் சொல்வது. ரிவர்ஸ்டன் வீதியில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சரை அதிபராகக் கேட்டிருந்தார்கள். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். டீச்சர் வாய் திறக்குமுன்பே, குடும்பத்துக்காக அவர் அந்தப் பதவியைத் தியாகம் செய்துவிட்டார் என்று சேர் எபிசோடில் அறிவித்திருந்தார். வீடியோ ஊரெல்லாம் போய்விட்டால், பிறகு டீச்சர் எந்த முகத்தோடு பதவியை ஏற்கிறேன் என்பார்? மனிதர் போட்ட கணக்கு அதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் வேலை வேலைதான். ரிவர்ஸ்டன் பனிமூட்டப் படத்தைப் பின்னால் வைத்து, முன்னால் இருவரின் படங்களையும் போட்டேன். சேரின் படத்தில் கட்டிய கைகள், கழுத்துப்பட்டி, தொலைநோக்குப் பார்வை எல்லாம் இருந்தன. டீச்சருக்குக் கலியாணப் படத்தில் வெட்டிய முகம். இருவரும் தனித்தனி மைக்கில் பேசியதால் குரல்கள் தனித்தனியே பதிவாகியிருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் அவரவர் குரலுக்கு ஆடும் ஓர் அலைக்கோடு வைத்தேன்.

ஓடவிட்டால், சேரின் கோடு பேய் பிடித்ததுபோல் ஆடியது. டீச்சரின் கோடு முதல் வணக்கத்துக்குப் பிறகு அசையவே இல்லை.

பார்த்த சேருக்கு வெட்கம் வரவில்லை, யோசனை வந்தது. டீச்சரின் கோட்டையும் சும்மா ஆடவிடச் சொன்னார்.

"சேர், டீச்சர் பேசினாத்தான் அந்தக் கோடு ஆடும்" என்றேன்.

அப்படியானால் தன் குரலுக்கே அதையும் ஆடவிடலாமே என்றார். மனைவியின் பெயரில் தானே பேசிப் பழகியவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கூடவே ஃபோனில் பார்க்க நெடுக்குவாக்கில் மூன்று குட்டிக் கிளிப்புகளும் கேட்டார். இரண்டு அவருக்கு, ஒன்று டீச்சருக்கு. நாளைக்குக் கூட்டி வருவாராம், டீச்சர் பார்த்து நெகிழ்ந்து போவாராம்.

அவர் போனதும் பொய்க்கோடு போட மனமில்லாமல், டீச்சரின் பதிவை மட்டும் எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். தட்டைக் கோட்டில் சின்னச் சின்ன மேடுகள் எழும்பின. சேரின் பதிவை முழுதாக அடைத்துவிட்டுக் கேட்டேன். அவர் குரல் தூரத்தில் முணுமுணுக்க, டீச்சர் தன் மைக்கில் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். தியாகத்தைப் பற்றிச் சேர் பிரசங்கம் செய்த அதே இடத்தில்தான். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சேரின் முழக்கத்தில் அது அமுங்கிப்போயிருந்தது. அந்த எபிசோட் முழுவதிலும் டீச்சர் சொல்லி முடித்த வசனம் அது ஒன்றுதான். டீச்சருக்கு ஒரு கிளிப் கேட்டிருந்தாரே, அதையே வெட்டி, எழுத்தும் போட்டு வைத்தேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். சேர் தன் இரண்டு கிளிப்புகளையும் தலையாட்டி ரசித்தார். தன் பேச்சுக்கே புல்லரிக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். மூன்றாவதைப் போட்டேன். டீச்சரின் கோடு எழுந்து ஆடியது.

"இல்லை. நான் விட்டுக்குடுக்கேல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் போகத்தான் போறன்."

சேர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகத்தான் மனைவியைப் பார்த்தார்.

"உதை நீர் எப்ப சொன்னனீர்?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டிருக்கேக்கைதான்" என்றார் டீச்சர்.

அதன் பிறகும் சேர் பேசினார். டீச்சர் களைப்பில் உளறியது என்றார், மெஷின் பிழை என்றார், அதை அழிக்கச் சொன்னார். டீச்சர் ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு, அன்றே பதில் கொடுக்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சேர் டீச்சர் எழுந்துபோன வெறும் கதிரைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வீடியோ வெளிவரவில்லை. டீச்சர் இப்போது அதிபர். விடியற்காலை பஸ்ஸில் போகிறார்.

போன வாரம் சேர் புதிய பதிவோடு படியேறி வந்தார். இம்முறை தனியாகவே பேசியிருந்தார். தலைப்பு: 'மனைவியை அதிபராக்கினேன்'. வீடியோவின் முகப்புக்குப் படம் கேட்டேன். டீச்சரின் பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையை மறைத்துக்கொண்டு, கைகட்டி நிற்கும் தன் படத்தை நீட்டினார்.