பதினொரு பக்கமும் ஒரு துண்டுச் சீட்டும்

அந்த ஆளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அவர் எனக்குக் கீழே வேலை பார்த்த சின்ன வாத்தியார். மலாயாவில் ரந்தாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாங்கள் இரண்டே பேர். நான் பெரியவன், அவர் சின்னவர். ஆனால் ஜனங்களுக்கு அவரைத்தான் பிடிக்கும்.

ஜப்பான்காரன் வந்த முதல் வருஷத்து ஆண்டு விழாவில்தான் எரிச்சல் தொடங்கியது. நான் ஆண்டறிக்கையைப் பதினொரு பக்கம் எழுதி ஒரு வரி விடாமல் வாசித்தேன். தலை நிமிர்ந்தபோது பாதிப் பெண்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். அடுத்து அவர் எழுந்தார். கையில் வெற்றிலை அளவுக்கு ஒரு சீட்டு. அதைக் குனிந்து பார்ப்பார், நிமிர்வார், ஒரு தாயின் முகத்தைப் பார்த்து அவள் பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். மறுபடி சீட்டு, மறுபடி ஒரு முகம். போனவர்களெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். விழா முடிந்து மேசையில் கிடந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகளின் பெயர்கள், வேறொன்றும் இல்லை. இதற்கா இத்தனை கைதட்டல் என்று கசக்கிப் போட்டேன்.

மறு வருஷம் விழாவுக்கு ஜப்பான் அதிகாரி வருகிறார் என்றதும் எனக்கு வழி கிடைத்தது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியைப் பார்க்க ஆபீசுக்குப் போனேன்.

"கிராணி ஐயா, சின்ன வாத்தியாரு எழுதி வச்சுக்கிட்டுப் பேசுற ஆளில்ல. வாய் தவறி ஏதாச்சும் சொல்லிட்டா நம்ம தலைதான் உருளும்."

கிராணி பயந்த மனிதர். "அதுவும் சரிதான்லா. முழுசா எழுதிக் கொண்டாரச் சொல்லுங்க. நான் பாக்காம யாரும் வாயத் திறக்கக் கூடாது."

காகிதம் கிடைக்காத காலம். கூலிகளின் பேர் பதிகிற பழைய செக்ரோல் தாள்களை நான்தான் அவருக்குக் கொடுத்தேன், பின்பக்கத்து மை இந்தப் பக்கம் ஊறித் தெரிகிற தாள்களாகப் பார்த்து. எழுதியதை வாசிப்பதற்கும் சில வழிகள் உண்டு. பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவேண்டும். வரிகளுக்கு நடுவே இடம் விடவேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் கோடு போடவேண்டும். பக்கத்துக்கு எண் போடவேண்டும். எனக்கு எல்லாம் தெரியும். ஒன்றையும் அவருக்குச் சொல்லவில்லை.

அவர் எழுதிக் கொடுத்ததில் பிள்ளைகளின் கதைதான் நிறைய இருந்தது. அப்பனை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோன பிள்ளை, அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றுவிட்டு வருகிற பிள்ளை. கிராணி சிவப்புப் பென்சிலால் அத்தனையையும் அடித்தார். நன்றியுரை மட்டும் மிஞ்சியது.

விழா அன்று அவர் அதை வாசித்தார். பொடி எழுத்து, வரிக்கு வரி விரல். நிமிர்ந்து பார்த்தால் இடம் தொலைந்துபோகும். ஒரு பக்கம் மாறிப்போய், சொன்ன நன்றியையே மறுபடி சொன்னார். பிறகு குனிந்த தலை நிமிரவே இல்லை. முன் வரிசையில் அதிகாரி கொட்டாவி விட்டார். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? என் பதினொரு பக்கம் அன்றைக்கு அமுதமாக இருந்தது என்றே நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்தது. பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

"வாத்தியாரய்யா, இந்தத் தடவ சின்ன வாத்தியாரு எம்புள்ளயப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே. எங்க வீட்டுக்காரவுக வந்தா சொல்லலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

அன்று நான் வாசித்த அறிக்கை என் கையில்தான் இருந்தது. வருகை விழுக்காடு, தேர்ச்சி, கூரை மாற்றியது எல்லாம் அதில் உண்டு. புரட்டினேன். அவள் காத்திருந்தாள்.

"உன் மகன் நல்லாப் படிக்கிறான்மா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு மகன் இல்லீங்கய்யா. பொண்ணு ஒண்ணுதான்."

பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்த சின்ன வாத்தியாரிடம் அவள் போனாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கையில் சீட்டுகூட இல்லை.

"உம்பொண்ணா? பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் நிக்காம சொல்லுதுமா. பெரிய பசங்க தப்பாச் சொன்னா எந்திரிச்சுத் திருத்துது. அவங்கப்பா வந்ததும் சொல்லு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏழு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் வந்தது பொறாமைதான்.