நிற்காத பஸ்ஸும் எழுதாத தகரமும்

காஞ்சனாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். உதட்டை மடித்துக்கொண்டு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வாள். அவள் புருஷன் இளங்கோவன் அதற்குப் பயந்தே பாதி விஷயங்களில் சரி என்றுவிடுவான்.

அம்மையார்குப்பத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் திருத்தணிக்கு வாழ வந்தவள். ஐந்தாவது வரை படித்திருந்தாள். இரண்டு பேருமாகத் தறி நெய்தார்கள். இளங்கோவனுக்கு மூச்சிரைப்பு. அதனால் நெய்த லுங்கிகளை மூட்டையாகக் கட்டி, வியாழக்கிழமைதோறும் அம்மையார்குப்பத்து முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நூல் வாங்கி வருவது அவள் வேலையாயிற்று. தெருமுனையில் நின்று கை காட்டினால் பஸ் நிற்கும். பல வருஷம் அப்படித்தான் நின்றது.

எழுபத்தெட்டில் அந்த முனையில் நிழற்குடை கட்டினார்கள். அன்றிலிருந்துதான் தொல்லை.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. பின்பக்கச் சுவரிலிருந்து எழும்பி முன்னால் வளைந்து மேலே தூக்கிக்கொண்டு நின்ற காங்கிரீட் கூரை. அதன் கீழே ஐந்து பேர் நெருக்கி உட்காரும் சிமெண்ட் பெஞ்சு. பக்கத்தில், சாலையைப் பார்த்தபடி, இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கு ஒரு தகரம். எந்தெந்த பஸ் நிற்கும் என்று எழுதுவதற்காக வெள்ளை அடித்து வைத்தது. அதில் ஓர் எழுத்துகூட எழுதவில்லை.

நிழற்குடை மேற்கே பார்த்திருந்தது. முன்பக்கம் தூக்கிய கூரைக்குள் மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக வந்து பெஞ்சில் விழும். உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். ஆகவே ஜனங்கள் சுவருக்குப் பின்னாலும் தகரத்துக்குப் பின்னாலும் இருந்த நிழலில் ஒதுங்கி நின்றார்கள். அந்தப் பக்கம் வரும் டிரைவருக்குத் தெரிந்தது காலி பெஞ்சும் வெறும் தகரமும்தான். நிறுத்தாமல் போனான். ஆட்கள் ஓடிவந்து கத்துவதற்குள் பஸ் அடுத்த வளைவைத் தாண்டியிருக்கும்.

மூன்று மணி பஸ்ஸை ஓட்டிய கோதண்டபாணிக்கு இது வசதியாகப் போயிற்று. மூட்டைக்காரர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. ஒருநாள் காஞ்சனா வெயிலிலேயே நின்று கை காட்டினாள். வேகத்தைக் குறைத்து, தலையை நீட்டிச் சொன்னான்: “இந்த பஸ்ஸு இங்க நிக்கும்னு எங்க எழுதியிருக்குதும்மா? ஸ்டாண்டுக்குப் போய் ஏறு!”

ஸ்டாண்டு ஒன்றரை மைல். தலையில் மூட்டையோடு அவள் நடந்தாள்.

மறுநாளே நிழற்குடை கட்டிய ஆபீசுக்குப் போனாள். “தகரத்துல பஸ்ஸு பேரை எழுதச் சொல்லுங்க சார்” என்றாள்.

“பஸ் பேரு எழுதறது பஸ்காரங்க வேலைம்மா. நாங்க கட்டறதோட சரி” என்றார் குமாஸ்தா.

பஸ்காரர்களிடம் போனாள். “தகரம் எங்களுது இல்லியே, நாங்க எப்படிக் கை வைக்கறது?” என்றார்கள். இப்படி அவளை நாலு முறை இழுத்தடித்தார்கள். நாலாம் முறை குமாஸ்தா அவளைப் பார்த்ததும் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. தகரத்தின் பின்னால் அவளோடு சின்னம்மாள் நின்றிருந்தாள். கழனி வேலையில் நாற்றுக்கட்டு சுமந்தே உரமேறிய ஐம்பது வயதுக்காரி. மகள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். பஸ் சத்தம் கேட்டதும், “ஏ நைனா, நிறுத்துப்பா!” என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினாள். பஸ் நிற்கவில்லை. ஓட்டத்தில் பெஞ்சு விளிம்பு தடுக்கி, ஜல்லி கொட்டியிருந்த சாலையோரத்தில் விழுந்தாள். வலது கை அவளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மளுக்கென்று ஒரு சத்தம். காஞ்சனாவுக்கு அது கேட்டது.

அவளைத் தூக்கி மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்கைக்கு மேலே எலும்பு இரண்டாகியிருந்தது. கட்டு போட்டு முடியும்வரை காஞ்சனா வாசலில் நின்றாள். அழுகை வரவில்லை. அந்தத் தகரத்தைப் பிடுங்கி யார் தலையில் போடுவது என்றுதான் யோசித்தாள்.

பிறகு வேறொன்று தோன்றியது. மறுவாரம் ஸ்டாண்டுக்கு நடந்துபோய் அதே பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் வீராசாமி கொஞ்சம் நல்ல மனுஷன்.

“அண்ணா, எந்த ஊருக்கு எவ்ளோன்னு ஒரு அட்டை வெச்சிருப்பியே, காட்டு.”

“இன்னாத்துக்குக்கா?”

“காட்டு.”

கட்டண அட்டையில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஸ்டாண்டுக்கு அடுத்த வரியில் ‘நெசவாளர் தெரு முனை’ என்று அச்சடித்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைகளுக்கு போர்டு எழுதும் துளசிங்கத்தைக் கூட்டிவந்தாள். சின்னம்மாள் விழுந்ததை அவரும் கேள்விப்பட்டிருந்தார். தகரத்தைத் துடைத்து, சாக்பீஸ் தூள் தடவிய நூலை இரண்டு ஓரத்திலும் இழுத்துப் பிடித்துச் சுண்டி வரிக்கோடு போட்டார். கறுப்பு எனாமலில் எழுதினார்: நெசவாளர் தெரு முனை. அதன் கீழே ஆர்.கே. பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு.

“பெரிசா எழுதுண்ணா. ஓட்டறவனுக்குக் கண்ணு தெரியணும்.”

“கண்ணு தெரியுதும்மா அவனுக்கு. மனசுதான் இல்ல” என்றார் துளசிங்கம்.

வியாழக்கிழமை பஸ்ஸுக்கு வந்த பதினோரு பேரையும் வெயிலில், சாலையை மறித்து வரிசையாக நிறுத்தினாள். முணுமுணுத்துக்கொண்டேதான் நின்றார்கள். கோதண்டபாணி ஹாரன் அடித்துப் பார்த்தான். ஒருவரும் நகரவில்லை. பிரேக் போட்டுவிட்டு இறங்காமலே கத்தினான்: “எவன் எழுதினான் இதை? உங்க இஷ்டத்துக்கு எழுதிக்கினா நான் நிக்கணுமா?”

காஞ்சனா ஜன்னலடிக்கு வந்தாள். “உன் பஸ்ஸு அட்டையில இருக்கறதைத்தான் எழுதினோம். கண்டக்டரைக் கேளு.”

எல்லாரும் வீராசாமியைப் பார்த்தார்கள். அவர் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். “ஆங்... இருக்குது. பஸ்ஸு நிக்கற ஸ்டேஜுதான்” என்றார்.

“சின்னம்மாக்கா கை ஒடிஞ்ச அன்னிக்கும் இருந்திச்சா?”

“இருந்திச்சு.”

பஸ்ஸுக்குள் இருந்தவர்களே டிரைவரைத் திட்டத் தொடங்கினார்கள். மூட்டை ஏறியது. அன்றிலிருந்து பஸ் நின்றது.

பதினைந்து நாளில் குமாஸ்தா, சுண்ணாம்பு வாளி தூக்கிய ஓர் ஆளோடு வந்தார். உத்தரவில்லாமல் எழுதியது குற்றம், அழிக்க வேண்டும் என்றார். அவர் இத்தனை நாளில் அந்த நிழற்குடைக்கு வந்தது அதுவே முதல் தடவை.

“அழிங்க சார்” என்றாள் காஞ்சனா. “அழிச்சிட்டு, இங்கியே நின்னு நீங்க எழுதிட்டுப் போங்க. வெறுந்தகரமா வுட்டுட்டுப் போக வுடமாட்டேன்.”

“சட்டம் தெரியுமா உனக்கு?”

“அழிச்சிட்டு எழுதிட்டுப் போங்க.”

அவர் எதைச் சொன்னாலும் அதே பதில். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். வாளிக்காரன்தான் முதலில் நழுவினான். மூன்று மாதம் கழித்து ஆபீசிலிருந்தே ஆள் வந்து, அதே பெயர்களை அதே வரிசையில் நீலத்தில் எழுதி, மேலே ஆபீஸ் பெயரையும் போட்டுக்கொண்டு போனான். யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

சின்னம்மாளின் கை கோணலாகவே கூடிற்று. நாற்றுக்கட்டை அதன்பின் அவளால் தலைக்குத் தூக்க முடியவில்லை. களை பறிக்க மட்டும் போனாள்.

கோதண்டபாணி அதே தடத்தில் இன்னும் ஏழு வருஷம் ஓட்டினான். வியாழன்தோறும் நின்றான். போகப் போக மூட்டை ஏறும்வரை பொறுமையாகக் காத்திருக்கவும் பழகிக்கொண்டான். ஒருநாள் அவனே கேட்டான்: “இன்னாக்கா, என் மேல இன்னும் கோவமா?”

காஞ்சனா மூட்டையைச் சீட்டுக்கடியில் தள்ளினாள். “சின்னம்மாக்கா வூட்டுக்குப் போயி, அவங்க கையைப் பார்த்துட்டு வந்து கேளு.”

அவன் போகவில்லை. அவளும் அந்தப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. அவனோடு எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளவில்லை.