கண்ணாடிக்குள் வைத்த நம்பர்

பந்தாட்டம் பார்க்க வரும் கூட்டத்தை எனக்குப் பிடிக்காது. பந்தாட்டம் பிடிக்கும். ஆட்டத்தைப் பார்க்காமல் தன்னையே படமெடுத்துக்கொண்டிருப்பவன், வரிசையில் நுழைபவன், கார் நிறுத்த இடமில்லாத ஊருக்குக் காரில் வந்து பிறர் வழியை மறித்துவிட்டுப் போகிறவன், எல்லோரையும் நாற்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசி வகையில் நானும் சேர்ந்த ஒரு நாளைப் பற்றித்தான் இது. அன்று ஆறு மணிக்கு ஒரு பெண் டயாலிசிஸ் நிலையத்தில் படுத்திருக்க வேண்டும். புக்கிட் ஜாலில் மைதானத்துக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி வீடுகளில் அவள் குடியிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

இறுதியாட்டம் இரவு எட்டுக்கு. நான்கு மணியிலிருந்தே சாலைகளை மூடுவார்கள் என்று ஒரு வாரமாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் தம்பி பிரிக்பீல்ட்ஸ்காரன். அன்று மதியச் சாப்பாட்டுக்குக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான்.

"கொம்யூட்டர் ரயில்ல சென்ட்ரல் போயிடலாம் மச்சான். அங்கருந்து மோனோரயில்ல ஹங் துவா, அப்புறம் எல்ஆர்டி ரயிலு. ஸ்டேஷன்ல இறங்குனா மைதானம்."

"வத்தலாட்டம் நசுங்கிக்கிட்டு நீ போ. நான் ரயில்ல ஏறுற ஆள் இல்ல" என்றேன். எனக்கு ஒரு இடம் தெரியும் என்றும் சொன்னேன். இடம் தெரிந்தவன் என்று பெயர் எடுப்பதில் எனக்கு அப்படியொரு ஆசை.

மூன்றரைக்குக் கிளம்பினோம். பூச்சோங் தாண்டும்வரை பரவாயில்லை. அதன்பிறகு நெடுஞ்சாலையே கார் நிறுத்துமிடம்போல் ஆகிவிட்டது. எங்கள் அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தவர்களைப் பார்த்து மச்சான் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைதானத்துக்குத் திரும்பும் முனையில் ஆரஞ்சுக் கூம்புகள், அவற்றின் பின்னால் ஒரு போலீஸ்காரர். "ஜாலான் துத்துப், பாஸ்" என்று கையை வீசினார். சாலை மூடியாகிவிட்டது. அடுத்த முனையிலும் அதே பாட்டு. ஒரே வட்டத்தை இரண்டு முறை சுற்றினோம்.

ஐந்தரைக்கு என் 'இடம்' கிடைத்தது. அடுக்குமாடியின் உட்சாலை. கோடு போட்ட இடமெல்லாம் நிறைந்திருந்தது. குடியிருப்பாளர்களின் கார்களுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையாக முன்பே பத்துப் பதினைந்து பேர் நிறுத்தியிருந்தார்கள். பத்தோடு பதினொன்றாக நானும் ஒரு பழைய வெள்ளைக் காரின் பின்னால் சொருகினேன்.

"வீட்டுக்காரவங்க காருங்க மச்சான். எடுக்கணும்னா?"

"நம்பர் வெக்கிறேன்லா. கூப்பிடட்டும்."

நம் ஊரில் இது ஒரு பாவமன்னிப்பு. யார் வழியை வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டுக் காகிதத்தில் போன் நம்பர் எழுதிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் நாம் பண்புள்ளவர்கள். நான் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். கியரை வழக்கம்போல் பார்க்கில் போட்டுப் பூட்டினேன். தள்ளி நகர்த்தக்கூட வழியில்லாமல் செய்கிறோம் என்பது தோன்றவே இல்லை.

அங்கிருந்து நுழைவாயிலுக்கு நடந்தே இருபது நிமிடம். வாயிலில் பெரிய வரிசை. தண்ணீர் போத்தலைப் பிடுங்கித் தொட்டியில் போட்டார்கள். நுழைவுச்சீட்டு போனில் இருந்தது. அதை இயந்திரத்தில் காட்டப் போகும் நேரத்தில் அழைப்பு வந்து சீட்டை மறைத்துவிட்டது. தெரியாத நம்பர். துண்டித்தேன். மறுபடி காட்டினேன், மறுபடி அழைப்பு. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"காசு ஏமாத்துற ஸ்கேமர் எவனாவது இருக்கும், எடுக்காதீங்க" என்றான் மச்சான்.

"நாளெல்லாம் இதே வேலையாப் போச்சு இவனுங்களுக்கு. உழைச்சுத் திங்க வக்கில்லாத பயலுங்க." மூன்றாவது அழைப்பையும் துண்டித்து, சத்தத்தை அணைத்து உள்ளே போனேன். ஊரறிய நம்பரை எழுதி வைத்துவிட்டு, தெரியாத நம்பர் வந்தால் எடுக்கமாட்டேன் என்கிற அறிவாளி நான். அரை மணிக்குள் இரண்டையும் செய்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

உள்ளே கூட்டம் நிறைய நிறைய போனில் இணையமும் அற்றுப்போனது. போனைப் பைக்குள் போட்டேன். ஆட்டம் படுமோசம். எண்பதாவது நிமிடத்தில் எழுந்து ஓடியவர்களைக் கோழைகள் என்று மச்சானிடம் திட்டினேன். நாங்கள் கடைசிவரை இருந்து தோற்றோம்.

வெளியே வருவது தனி நரகம். படிக்கட்டில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். ரயில் நிலையத்துக்குப் போகும் வரிசையைத் தொகுதி தொகுதியாக நிறுத்தி நிறுத்தி விட்டார்கள். அதைத் தாண்டித்தான் எங்கள் பக்கம் போகவேண்டும். "பாத்தியா, ரயில்ல வந்திருந்தா இந்நேரம் இதுல நின்னுருப்போம்" என்றேன். போனில் சத்தத்தைத் திரும்பப் போட்டேன். அதில் பதினாறு தவறிய அழைப்புகள். பதினாறும் ஒரே நம்பர். அப்போதுதான் கண்ணாடிக்குள் வைத்த காகிதம் நினைவுக்கு வந்தது. ஸ்கேமர் பதினாறு முறை கூப்பிடமாட்டான்.

காரை அடையும்போது பதினொன்று. இரண்டாம் வரிசையில் என் கார் மட்டும் மிச்சம். எண்பதாவது நிமிடத்துக் கோழைகள் எல்லோரும் போயிருந்தார்கள். என் காருக்கு முன்னால் ஒருவர் குனிந்து, கையிலிருந்த போனின் வெளிச்சத்தில் காகிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், லோரி ஓட்டுநர் சீருடை.

"அண்ணே, உங்க வண்டியா?" குரலில் கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. "வீட்ல அவளுக்கு ஆறு மணிக்கு டயாலிசிஸ். கிராப் டாக்சிக்குப் போட்டேன், மூணு பேரும் ரோடு மூடியிருக்குன்னு கேன்சல் பண்ணிட்டாங்க. காரை இழுக்குற டோ வண்டியும் உள்ள வர முடியலன்னுட்டான். எல்லாரும் ஸ்டேஷன்லருந்து வர்றாங்க, நாங்க எதுக்க நடந்து போனோம். ரயில் புடிச்சுப் போய்ச் சேர ஏழரை. பத்து மணிக்கு சென்டர் மூடணும்ல, நாலு மணி நேரத்துக்குப் பதிலா ரெண்டரைதான் குடுத்தாங்க. முடிஞ்சா தலை சுத்தும் அவளுக்கு, அந்தக் கூட்ட ரயில்ல நிக்க முடியாது. அதான் காரை எடுக்க ஒன்பதுக்கே வந்துட்டேன்."

ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. என் காருக்கு முன்னால்.

மச்சான் தரையைப் பார்த்தான். அந்த மனிதர் காகிதத்தைக் காட்டி, "இந்த நம்பர்தானே அண்ணே? நான்தான் தப்பா அடிக்கிறேனோன்னு பாத்துப் பாத்து அடிச்சேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். காலில்கூட விழுந்திருக்கலாம். நாற்பது வருடமாகப் பிறரைத் திட்டிய வாய் வேறொன்றைச் சொன்னது.

"அது பழைய நம்பர் தம்பி. மாத்த மறந்துட்டேன்."

அவர் கட்டைவிரல் கடைசியாக ஒருமுறை போனைத் தொட்டிருந்தது போலும். நான் சொல்லி முடிக்கவும் என் சட்டைப் பையில் போன் அடித்தது. பலமாக அடித்தது. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அவர் அழைப்பைத் துண்டித்தார். என் பையும் அடங்கியது.

"வண்டியை எடுங்கண்ணே" என்றார். "சென்டரைப் பூட்டிட்டாங்க. அவ வெளிய படியில உக்காந்திருக்கா."