மாமா பாடுவார்

திருவனந்தபுரத்தில் பாதிரிமார் நடத்திய எங்கள் பள்ளியில் லத்தீன் பாடம் உண்டு. வினைச்சொல்லின் வாலைப் பார்த்துக் காலத்தைக் கண்டுபிடித்துத் தமிழில் சொல்ல வேண்டும். 'கண்டாட்' என்றால் பாடுகிறார். 'கண்டாவிட்' என்றால் பாடினார். ஒருநாள், மாமா முன்பெல்லாம் தினமும் பாடிக்கொண்டிருந்தார் என்ற பொருளில், 'கண்டாபட்' என்று முடியும் ஒரு வாக்கியம் வந்தது. "மாமா தினமும் பாடுவார்" என்றேன்.

மலையாளியான பாதிரியார் முகம் சுளித்தார். "எடா, பாடுவார் எந்நால் நாளைக்கு அல்லே? அது கண்டாபிட்!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முன்னால இருந்த வழக்கத்தையும் எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம், ஃபாதர்."

அவர் விடவில்லை. 'தினமும்' சேர்த்து, அதே பழைய வழக்கக் காலத்தில் வினையை மாற்றி மாற்றிக் கேட்டார். டோசேபட்? கற்றுக்கொடுப்பார். ஸ்க்ரிபேபட்? எழுதுவார். டோர்மியேபட்? தூங்குவார். "விசேஷம் தன்னே!" என்று சிரித்து, சரி என்று ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை, இறந்துபோன என் மாமாவைப் பற்றி, அவர் தங்கையான அம்மாவை வேண்டுமென்றே பேசவைத்தேன்.

"ஆத்துல குளிச்சுக்கிட்டே பாடுவாரு. கருவாடு இல்லன்னா கோவிச்சுக்குவாரு. சின்னப் புள்ளைகளைக் கண்டா தூக்கிக்குவாரு."

முடிந்துபோன காலம் எப்போது வரும் என்று காது கொடுத்துக் காத்திருந்தேன். கடைசியில் ஒரே ஒரு தடவை வந்தது.

"போயிட்டாரு" என்றாள்.