அஞ்சு வருசம் கேட்ட டீச்சர்

காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை நாகஜோதி. ஊரில் அவருக்கு 'ஆய்வு டீச்சர்' என்று பெயர். எதையும் சொந்தமாகச் சொல்ல மாட்டார். "நான் சொல்லல, ஆய்வு சொல்லுது" என்பார். பிள்ளைகள் வீட்டு மொழியில்தான் முதலில் வாசிக்கப் பழக வேண்டும் என்று வாதாடிய அந்த ஆய்வுக் கட்டுரைகள் அத்தனையும் ஆங்கிலத்தில் இருந்தன. பெரியகுளத்தில் ஐந்தாம் வகுப்புவரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்திருந்தும், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் அவற்றைப் படித்து முடித்தார். யாராவது இதைக் குத்திக்காட்டினால், "இதைவிட என்ன நிரூபணம் வேணும்?" என்று கேட்பார்.

கட்டுரைகளைக் கொடுத்தவர் தலைமையாசிரியர் கோட்டைச்சாமி. அவருடைய எம்.ஃபில். பட்டமே இந்தப் பொருளில்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம், இருவரும் சேர்க்கைக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் பாதி ஊரை அள்ளிவிட்டிருந்தது. திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கம்மாள் மட்டும் நின்று பேசினாள். மகள் திரிஷாவைச் சேர்க்க வேண்டிய வருடம் அது.

"வேன்ல போற புள்ளைக தஸ்ஸு புஸ்ஸுங்குதுக டீச்சர். எம்புள்ள மட்டும் தமிழ்லயே கெடக்கணுமா?"

"அதுக பாட்டு மாதிரி ஒப்பிக்குதுக அக்கா. எழுத்தக் கூட்டி வாசிக்கிற சூட்சுமத்தப் புள்ள ஒருவாட்டி கத்துக்கிட்டாப் போதும். தெரிஞ்ச பாசையில கத்துக்கிட்டா, வாசிச்ச சொல்லு காதுல விழுந்ததுமே அர்த்தம் வந்துரும். பொறவு இங்கிலீசுல எழுத்தும் சொல்லும்தான் புதுசு."

"அப்ப இங்கிலீசே கெடையாதா?"

"தெனமும் ஒரு பாடமா உண்டு. முதல்ல பேச்சு, கதை. மத்ததெல்லாம் தமிழ்ல. அஞ்சாப்பு வரைக்கும் எங்கிட்ட விடுங்க."

கோட்டைச்சாமி நெஞ்சில் கை வைத்தார். "அஞ்சு வருசத்துக்கு நான் ஜவாப்தாரி ஆத்தா."

பதினாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒருவனைத் தவிர எல்லோரும் முன்பின் பார்க்காத கதையை வாசித்து, அதன் முடிவு சரியில்லை என்று சண்டையும் போட்டார்கள். திரிஷா பூச்சிமருந்துத் தாளில் 'கையுறை அணியவும்' என்றிருந்ததை வாசித்துவிட்டு, வெறுங்கையோடு மருந்து கலக்கிய அம்மாவை ஒரு வாரம் பாடாய்ப் படுத்தினாள். நாகஜோதி பிள்ளை வாரியாக இதையெல்லாம் பதிவேட்டில் எழுதி வைத்தார். அதுதான் அவர் செய்த தவறு.

இந்த ஜூனில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடமும் ஆங்கிலவழி என்ற தீர்மானத்தைக் கோட்டைச்சாமி வாசித்தார். ஆதாரமாக நாகஜோதியின் பதிவேட்டு நகலை இணைத்திருந்தார். பிள்ளைகளின் அடித்தளம் உறுதியாகிவிட்டதாம்.

நாகஜோதி எழுந்தார். "சார், நீங்க குடுத்த கட்டுரையிலதான் இருக்கு. கேமரூன் நாட்டுல கோம்னு ஒரு பாசை. மூணு வருசம் அந்தப் பாசையில படிச்ச புள்ளைக, மொதல்லருந்தே இங்கிலீசுல படிச்ச புள்ளைகள இங்கிலீசுலகூட முந்திருச்சுக. நாலாவதுல மொத்தமா இங்கிலீசுக்கு மாத்துனாக. அஞ்சாவதுக்குள்ள அந்த முன்னேத்தம் பெரும்பாலும் கரைஞ்சு போச்சு. நாம ரெண்டே வருசத்துல மாத்துறோம்."

"எனக்குத் தெரியாதா?" கோட்டைச்சாமி குரலைத் தாழ்த்தினார். "புள்ளைக வேனுக்குப் போயிட்டா ஒரு டீச்சர் போஸ்ட் போயிரும். இங்கன ஜூனியர் யாரு? நீங்கதான். உங்களக் காப்பாத்தத்தான் இத்தனையும் செய்றேன்."

காப்பாற்றப்பட்ட நாகஜோதி தாய்மார்கள் பக்கம் திரும்பினார். ஆங்கிலவழி கேட்டு அவர்கள் கொடுத்த மனு மேசைமேல் இருந்தது. முதல் கையெழுத்து அக்கம்மாளுடையது.

"நீங்களுமா அக்கா?"

அக்கம்மாளின் முகத்தில் குற்ற உணர்வு இல்லை, நன்றிதான் இருந்தது. "அஞ்சு வருசம் ஆகும்னீக. ரெண்டே வருசத்துல முடிச்சிட்டீகளே டீச்சர்! சார் சொன்னாக, உங்கள மாதிரி டீச்சர் எங்க ஊருக்குக் கெடச்சது பாக்கியம்னு."

எல்லோரும் கை தட்டினார்கள். தீர்மானத்தின் கீழ் நாகஜோதியும் கையெழுத்துப் போட்டார். கைதட்டலுக்கு எதிராக என்ன செய்ய வேண்டும் என்று எந்த ஆய்விலும் எழுதியிருக்கவில்லை.

ஜூலையில் அறிவியல் பாடம். திரிஷா எழுந்து, "ரூட்ஸ் அப்சார்ப் வாட்டர் ஃப்ரம் த சாயில்" என்று பிசிறில்லாமல் வாசித்தாள். தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த கோட்டைச்சாமி ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.

"அது என்ன சொல்லுது திரிஷா?" என்றார் நாகஜோதி.

திராட்சைக் கொடிக்குத் தண்ணீர் எந்த வழியாக ஏறுகிறது என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். இப்போது புத்தகத்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். எங்கோ தப்பாக வாசித்துவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டு, அதே வரியை மறுபடியும், இன்னும் சத்தமாக வாசித்தாள்.