அரைத்தூக்கத்தில் இருந்தது யார்?

மருத்துவமனை அலுவலகத்தில் விசாரணை அறிக்கை எழுதுகிற எழுத்தருக்கு ‘ரயில்வண்டி’ என்று பட்டப்பெயர். அவர் வாக்கியத்தில் ஏறினால் எந்த நிலையத்தில் இறங்குவது என்று தெரியாது. அவருக்கு அதில் பெருமைதான். இருபத்திரண்டு வருடமாக, ஒரு சம்பவத்தை ஒரே வாக்கியத்தில் அடக்கிக் கொடுப்பார். மேலிடம் அந்த வாக்கியத்தை அப்படியே ஆணையில் ஒட்டிக்கொள்ளும். மூல வாக்குமூலங்களை யாரும் புரட்டுவதில்லை.

ஒரு மதியம் செவிலியர் ஒருவர் தற்காலிகப் பணிநீக்க ஆணையோடு வந்து நின்றார். அழுது ஓய்ந்த முகம்.

“நான் எப்ப சார் தூங்கினேன்? விழப்போனவரைத் தாங்கிப் பிடிச்சதே நான்தானே?”

“அதைத்தானே எழுதியிருக்கேன், சிஸ்டர்” என்று எழுத்தர் நகலை வாங்கிப் படித்தார். ‘அரைத்தூக்கத்தில் பணியிலிருந்த செவிலியர் கட்டிலிலிருந்து இறங்க முயன்ற நோயாளியைக் கண்டு ஓடிச்சென்று தாங்கினார்.’ மூன்று முறை படித்தும் குறை தெரியவில்லை. அரைத்தூக்கத்தில் இறங்கியது நோயாளி. அவரே வாக்குமூலத்தில் சொன்னது. எழுதியவருக்கு அது தெரியும், அதனால் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

பக்கத்து மேசைத் தட்டச்சுக்கார அம்மா எட்டிப் பார்த்து, மூன்றே சொற்களைப் படித்து நிறுத்தினார். “அரைத்தூக்கத்தில் பணியிலிருந்த செவிலியர்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “நோயாளி இன்னும் வரவே இல்லையே சார். அதுக்குள்ள தூக்கத்தை இவங்க தலையில கட்டிட்டீங்க.”

எழுத்தர் அந்த மூன்று சொற்களின் மேல் விரலை வைத்து மறுபடி படித்தார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ‘அரைத்தூக்கத்தில்’ என்பது ‘இறங்க முயன்ற’ என்பதற்கு முன்னால் நிற்க வேண்டியது. வாக்கியத்தின் தலையில் ஏறி, முதலில் வந்த ஆளைப் பிடித்துக்கொண்டது.

எழுத்தர் நகலோடு மேலாளரிடம் போய்ப் பிழையைச் சொன்னார். மேலாளர் சமாதானமாகவே பேசினார். “ஆணையை ரத்து பண்ணிடலாம். காரணம் எதுக்கு எழுதணும்? உங்க பேர்தான் கெடும்.”

“காரணம் இல்லேன்னா, தூங்கினவங்களை மன்னிச்சு விட்டதா ஆயிடும் சார். அவங்க தூங்கவே இல்லையே” என்றார் எழுத்தர்.

அன்றே திருத்தம் எழுதினார். ‘நோயாளி அரைத்தூக்கத்தில் இருந்தார். செவிலியர் விழித்திருந்தார். பிழை என் வாக்கியத்தில் உள்ளது.’ வாழ்நாளில் அவர் எழுதிய குட்டையான அறிக்கை அதுதான். கையெழுத்துப் போடும்போது வெட்கமாக இருந்தது, மனசு லேசாகவும் இருந்தது.

மறுநாள் ரத்து ஆணையை வாங்க வந்த செவிலியர் திருத்தத்தை இரண்டு தடவை படித்தார். நன்றி சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

“எனக்குக் கேக்கத் தெரிஞ்சுது, வந்து கேட்டேன். கேக்காமலே வேலையை விட்டுப் போனவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?”

கோபமில்லாமல்தான் கேட்டார். அவர் போனபிறகு எழுத்தர், பழைய கோப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தட்டச்சுக்கார அம்மாவிடம் கேட்டார்.